வரி, மொய், காணிக்கை: கொடுப்பதற்கு ஒரு வருஷக் கணக்கு

வீட்டு வாடகை எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். போன வருஷம் கல்யாண வீடுகளுக்கும் கோயிலுக்கும் ஊர்க் கொடைக்கும் தான தர்மத்துக்கும் சேர்த்து எவ்வளவு போயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் உண்மையான தொகையில் பாதிதான் இருக்கும். இந்தச் செலவு ஒரு நாளில், ஒரு கையில் போவதில்லை. ஐந்நூறும் ஆயிரமுமாகப் பல கைகளில் போகிறது. கணவன் கொடுத்தது மனைவிக்குத் தெரியாது, மனைவி கொடுத்தது மாமியாருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, கொடுத்ததை எண்ணிப் பார்ப்பதே புண்ணியத்தைக் குறைக்கும் என்ற எண்ணமும் பல வீடுகளில் உண்டு.

எண்ணிப் பார்த்தே கொடுக்கச் சொல்லும் மரபுகள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. இஸ்லாமியர்கள் ஸகாத் கொடுக்கும்போது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு முழுக்கக் கையில் நின்ற செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பலர் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாக எடுத்து வைக்கிறார்கள். எல்லாரும் கைக்கொள்ளும் அப்படியொரு விகிதம் நம் ஊர்க் கோயில் காரியங்களுக்கும் மொய்க்கும் கிடையாது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தொகை தீர்மானமாகிறது. அதிகம் கொடுத்துவிட்டோமோ என்ற கவலையும், குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்ற உறுத்தலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. விகிதத்தை வெளியிலிருந்து யாரும் தராதபோது நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் குடியிருக்கிறார்கள். சொந்த ஊர் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள கிராமம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, மனைவி வீட்டில் தையல் தைக்கிறார். இருவர் வருமானமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 48,000 ரூபாய், வருஷத்துக்கு 5,76,000. இரண்டு பிள்ளைகள், கூடவே கணவரின் அம்மா. வங்கியில் 60,000 ரூபாய்க்கு நகைக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, போன வருஷம் உண்மையில் என்ன போயிற்று என்று திரட்டுவது. இதற்கு ஞாபகத்தை நம்பக் கூடாது. மேசை இழுப்பறையில் கிடக்கும் பத்திரிகைகளை எடுத்து அடுக்கினால் எத்தனை விசேஷங்களுக்குப் போனோம் என்பது தெரிந்துவிடும். கைபேசியில் பணம் அனுப்பும் செயலியின் வரலாற்றை மாதவாரியாகப் பார்த்தால் வாட்ஸ்அப் வேண்டுகோள்களுக்கு அனுப்பியவை வரும். கொடைக்கமிட்டி ரசீதும் கோயில் சீட்டுகளும் பெரும்பாலும் பூஜை அலமாரியில் குங்குமப் பொட்டலங்களுக்கு அடியில் இருக்கும். உண்டியலில் போட்டதற்கும் தட்டில் வைத்ததற்கும் சீட்டு இல்லை. ஒரு தடவை கோயிலுக்குப் போனால் வழக்கமாக என்ன ஆகும் என்பதை எத்தனை தடவை போனோம் என்பதால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

நம் குடும்பம் அப்படித் திரட்டியபோது கிடைத்தது இது. ஊர் அம்மன் கொடைக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் வரி, தெருப் பிள்ளையார் சதுர்த்தி, சங்கச் சந்தா எல்லாம் சேர்த்து 6,100. இருபத்து மூன்று விசேஷங்களுக்கு மொய் 27,600. திருச்செந்தூர் போய்வந்தது, அர்ச்சனை, உண்டியல், தட்டு எல்லாம் 9,200. ஆதரவற்றோர் இல்லத்துக்குத் தீபாவளித் துணி, மருத்துவ உதவி கேட்டு வந்த செய்திகள், கேட்டுவந்தவர்களுக்குக் கொடுத்தது 8,400. இவற்றோடு, ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரே வீச்சில் 10,000. மொத்தம் 61,300 ரூபாய். வருமானத்தில் நூற்றுக்குப் பத்தரைக்கும் சற்று மேல். இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது முப்பதாயிரத்துக்குள் என்று. நகைக்கடன் ஏன் அடையவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இந்தத் தொகையைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படிக் குறைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்காது. 61,300 என்பது ஒரே மாதிரியான பணம் இல்லை. அதில் ஒரு பகுதி வரி, ஒரு பகுதி கடன், மிச்சம் மட்டுமே தர்மம். மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதால்தான் குழப்பம்.

வரியை முதலில் பார்க்கலாம். தென்மாவட்டத்து ஊர்க் கொடைகளில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வைத்துவிடுவார்கள். மகனுக்குக் கல்யாணமாகிவிட்டால் அவன் தனித் தலைக்கட்டு. பந்தல், மேளம், வில்லுப்பாட்டு, ஒலிபெருக்கி, சாப்பாடு என்று செலவைக் கூட்டி, தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுத்து வருவது அந்தத் தொகை. கொடை முடிந்தபின் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பதும் உண்டு. இது நம் மனசைப் பொறுத்ததல்ல. ஊரில் ஒரு தலைக்கட்டாக இருப்பதற்கான சந்தா. இதைக் கொடுப்பதில் பெருமையும் இல்லை, குறைத்துக் கொடுக்க வழியும் இல்லை. முடியாத வருஷத்தில் கால்நாட்டுக்கு முன்பே போய், பாதி இப்போது, மீதி அறுவடை கழித்து என்று தவணை கேட்கலாம். பல கமிட்டிகள் ஒத்துக்கொள்ளும்.

வரியோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் செலவை இழுத்துவிடும். அதன் பெயர் நன்கொடை. மாலை ஏழு மணிக்குத் திண்ணையில் நாலு பேர் வந்து உட்காருவார்கள். ரசீதுப் புத்தகத்தோடு ஒரு நீள நோட்டும் இருக்கும். வரியை வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தபின் அந்த நோட்டு திறக்கும். முதல் பக்கத்தில் ஊரில் பெரிய கைகள் எழுதிய தொகைகள் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டித்தான் பேச்சே தொடங்கும். “என்ன தம்பி, மேலத் தெருவுல ஐயாயிரம் எழுதியிருக்காவ, நீங்க டவுன்ல இருக்கியோ...” என்று வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள். மீதியை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். வரி ஒன்று, நன்கொடை வேறொன்று என்று முன்கூட்டியே மனத்தில் பிரித்து வைத்திருப்பவருக்கு இங்கே பதில் சொல்வது கடினமில்லை: “அண்ணாச்சி, வரி முழுசும் கொடுத்தாச்சு. இந்த வருஷத்துக்கு நன்கொடையா ஐந்நூறு எடுத்து வச்சிருக்கேன், அதை எழுதிக்கிடுங்க. அடுத்த கொடைக்கு என்ன செய்யப் போறோம்னு முன்னாலேயே சொல்லிட்டா, கூடச் சேர்த்து வச்சுக்கிடுதேன்.” கவனித்தால், இதில் முடியாது என்ற சொல்லே இல்லை. இருக்கும் தொகையை முதலில் சொல்லிவிட்டதால் பேரத்துக்கும் இடமில்லை. காரணம் விளக்கத் தொடங்கினால்தான் சிக்கல். பிள்ளை ஃபீஸ், நகைக்கடன் என்று அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

கும்பாபிஷேகத்துக்குப் போன பத்தாயிரத்தை இந்தக் குடும்பம் எதிர்பாராத செலவு என்று எழுதியிருந்தது. உண்மையில் அது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். கோயில்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்வது மரபு. காலண்டரில் தெரிகிற செலவுக்கு வருஷத்துக்கு 900 ரூபாய் ஒதுக்கி வந்தால் பன்னிரண்டு வருஷத்தில் 10,800 ஆகிவிடும். கல்வெட்டில் பெயர் வேண்டுமானால் அதற்கும் இதுதான் வழி. நான் கல்வெட்டுப் பெயரைக் கேலி செய்பவன் இல்லை. அதற்காக நகையை அடகு வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது மொய். சிக்கல் மிகுந்ததும் இதுதான். மொய் எழுதுவதைக் கொடை என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு மொய் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர், ஊர், தொகை என்று பக்கம் பக்கமாக இருப்பது நாம் திருப்பிச் செய்ய வேண்டிய பட்டியல். வட்டியும் தேதியும் இல்லாத கடன் அது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தை ஒட்டி நடக்கும் மொய் விருந்துகளில் இந்தக் குணம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். அங்கே கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. விருந்து வைத்து மொய் வாங்கி, அந்தப் பணத்தைத் தொழிலுக்கோ கடனடைக்கவோ போட்டு, பின்னால் ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பிச் செய்வார்கள். மற்ற ஊர்களில் அதே காரியத்தைக் கல்யாண மாலைக்குப் பின்னால் மறைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

நம் குடும்பம் நாலு வருஷத்துக்கு முன் மகளுக்குக் காதணி விழா வைத்தது. வந்த மொய் 1,12,000. அன்று ராத்திரி எண்ணி முடித்தபோது அது வருமானம்போலத் தெரிந்தது, மண்டப வாடகைக்கும் சமையல்காரருக்கும் போயே போய்விட்டது. நோட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது. போன வருஷம் எழுதிய இருபத்து மூன்று மொய்களில் ஒன்பது, அந்த நோட்டில் இருந்தவர்களுக்குத் திருப்பிச் செய்தது. அந்த ஒன்பதுக்கு மட்டும் 14,600 ஆயிற்று. மற்ற பதினான்கு புதிதாக எழுதியவை, 13,000. இப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குறைக்கக்கூடிய இடம் புது மொய்தான். திருப்பி எழுதுவதில் கை வைத்தால் கடனில் ஏமாற்றுவதாகும், நாளைக்கு நோட்டை எடுத்துப் பார்க்கும்போது அவர்களுக்கு அது கண்ணில் படும்.

எனவே இங்கே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பழைய நோட்டை எடுத்து, திருப்பிச் செய்த பெயர்களுக்கு எதிரே குறி போட்டுவிட்டு, மீதிப் பெயர்களில் வரும் வருஷம் விசேஷம் வரக்கூடிய வீடுகளைப் பார்ப்பது. கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடு, வீடு கட்டிக்கொண்டிருக்கிற வீடு, வயசுக்கு வரும் பருவத்தில் மகள் இருக்கிற வீடு எது என்பது சொந்தபந்தத்துக்குள் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பெயர் தேறினால் அதுதான் வரும் வருஷத்துத் திருப்பு மொய்ப் பட்டியல். வாங்கிய தொகையையே எழுதுவதா, கூட்டி எழுதுவதா என்பது ஊருக்கு ஊர் மாறும். சில வட்டாரங்களில் வாங்கியதை அப்படியே எழுதினால் உறவுக் கணக்கை முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்லும் வழி, கடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது. நாலு வருஷத்துக்கு முன் ஆயிரம் வாங்கியிருந்தால் 1,400 வருகிறது, 1,501 என்று எழுதிவிடலாம். விலைவாசிக்கும் ஈடு, மரியாதைக்கும் குறைவில்லை. இரண்டு மடங்கு மூன்று மடங்கு எழுதினால் அவர்கள் தலையில் புதுக் கடனை ஏற்றுகிறோம், அதை அவர்கள் நமக்குத் திருப்பும்போது நாமும் ஏற்றி எழுத வேண்டிவரும்.

இரண்டாவது, புது மொய்க்குத் தரம் பிரித்து வைப்பது. நெருங்கிய சொந்தம் 1,001, அலுவலகத்திலும் தெருவிலும் நன்கு பழகியவர் 501, பத்திரிகை வைத்ததற்காகப் போய்வருவது 201. பதினான்கு விசேஷத்துக்குச் சராசரி ஐந்நூறு என்று 7,000 ஒதுக்கினால் போன வருஷத்து 13,000 பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. மண்டப வாசலில் மொய் மேசை முன்னால் நின்றுகொண்டு தொகையை முடிவு செய்யாதீர்கள். முன்னால் நிற்பவர் என்ன எழுதுகிறார் என்பது காதில் விழும், இப்போது சில மண்டபங்களில் கணினியில் ஏற்றித் தொகையை உரக்கச் சொல்லி ரசீதும் அச்சடித்துத் தருகிறார்கள். வீட்டிலேயே கவரில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் கை தானாகக் கூடாது. தாய்மாமன் சீர் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது நகை, பட்டு, தட்டு வரிசை என்று பெருகும் தனிச் செலவு. அக்கா தங்கை பிள்ளைகள் இருக்கிறவர்கள் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கோயிலில் கொடுக்கும் பணமும் ஓரிடத்துக்கே போவதில்லை. உண்டியலில் விழுவது கோயில் கணக்குக்கு, அதிகாரிகள் முன்னிலையில் எண்ணப்பட்டுச் சேரும். அர்ச்சனைச் சீட்டுப் பணமும் அப்படியே. தீபாராதனைத் தட்டில் வைப்பது பெரும்பாலும் அர்ச்சகருக்கு. சிறிய கோயில்களில் அவருக்கு அதுதான் முக்கிய வருமானம். அன்னதானத்துக்கு அலுவலகத்தில் கட்டினால் ரசீது உண்டு. எங்கே போக வேண்டும் என்று நினைக்கிறோமோ அங்கே கொடுத்தால் நாலு இடத்தில் சில்லறையாகச் சிதற வேண்டியதில்லை. சிறப்பு தரிசனச் சீட்டை நான் காணிக்கையில் சேர்க்க மாட்டேன், அது நேரத்துக்குக் கொடுக்கும் விலை. போன வருஷம் 9,200 ஆனதற்கு இந்தக் குடும்பம் வாங்கிய சிறப்புச் சீட்டுகளும் ஒரு காரணம். அவற்றைப் பயணச் செலவில் எழுதிக்கொண்டால் காணிக்கைக்கு 6,000 தாராளமாகப் போதும்.

நேர்த்திக்கடன் வேறு மாதிரி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வேண்டிக்கொள்ளும்போது கணக்கு நினைவில் நிற்பதில்லை. வெள்ளியில் வேல், தங்கத்தில் கண்மலர் என்று வாய் சொல்லிவிடும். பழைய பாட்டிகள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வேண்டுதல் மறந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கூடவே ஒரு துண்டுத்தாளில் என்ன வேண்டினோம், எப்போதைக்குள், ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று எழுதி அதிலேயே வைத்துவிட்டால் அடுத்த வருஷக் கணக்குப் போடும்போது விட்டுப்போகாது. உடம்பால் செய்யும் வேண்டுதல்களுக்குச் செலவு குறைவு. பால்குடம், அங்கப்பிரதட்சணம், பாதயாத்திரை, மொட்டை எதற்கும் கடவுள் முன் மதிப்புக் குறைவென்று யாரும் சொன்னதில்லை. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்கு 2021 முதல் கட்டணமும் இல்லை.

இனி மொத்தத் தொகை. நம் குடும்பம் வருஷத்துக்கு 42,000 என்று வைத்துக்கொண்டது. மாதம் 3,500, வருமானத்தில் நூற்றுக்கு ஏழு சொச்சம். இந்த ஏழுக்குப் பின்னால் சாஸ்திரம் எதுவும் இல்லை. முதலில் வரிக்கு 7,000 எடுத்தார்கள், அதில் குடமுழுக்குக்கான 900 அடக்கம். திருப்பு மொய்க்கு 14,000. இவை இரண்டும் கட்டாயம், 21,000 ஆகிவிட்டது. பிறகு நகைக்கடனை மூன்று வருஷத்தில் அடைக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு போட வேண்டும் என்று பார்த்தார்கள். அதற்கும் மேல் மிஞ்சியதிலிருந்துதான் புது மொய்க்கு 7,000, கோயிலுக்கு 6,000, தர்மத்துக்கு 6,000, திடீர் தேவைக்கு 2,000 என்று பிரித்தார்கள். கட்டாயம், கடன், பிறகு விருப்பம் என்ற இந்த வரிசைதான் முக்கியம், விகிதம் அவரவர் வீட்டைப் பொறுத்து மாறும். கட்டாயப் பகுதியே வருமானத்தில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டுகிறது என்றால் அந்த வீட்டில் அண்மையில் பெரிய விசேஷம் நடந்திருக்கிறது, நிறைய மொய் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் அடுத்த சில வருஷங்களுக்குப் புது மொய்யை 201-லேயே நிறுத்துவதுதான் சரி.

மாதம் 3,500 என்று சொன்னாலும் செலவு மாதாமாதம் வராது. தையில் முகூர்த்தம், வைகாசியில் முகூர்த்தமும் கொடையும், ஆவணியில் மறுபடி முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பெரும்பாலும் வைப்பதில்லை. வைகாசியில் ஒரே மாதத்தில் ஒன்பதாயிரம் போகும்போது கையில் மூவாயிரத்து ஐந்நூறுதான் இருந்தால் திட்டம் அந்த மாதமே செத்துவிடும். அதனால் வருஷத்தைப் புரட்டாசியில் தொடங்குவது நல்லது. ஓய்ந்த மாதம் என்பதால் பணம் சேரும். அடுத்த மாதமே தீபாவளி போனஸ் வரும், அதில் ஐயாயிரமாவது இந்தக் கணக்கில் முன்பணமாகப் போட்டுவிட்டால் தையைத் தாண்டிவிடலாம். போட்ட முன்பணத்துக்குப் பின்வரும் மாதங்களில் 3,500-க்குப் பதில் 3,000 போட்டால் பத்து மாதத்தில் ஈடாகிவிடும்.

பணத்தைத் தனியாக வைக்காவிட்டால் இவ்வளவும் தாளில் போட்ட கணக்காகவே நின்றுவிடும். சம்பளம் வரும் கணக்கிலேயே வைத்திருந்தால் மாதக் கடைசியில் அது காஸ் சிலிண்டராகிவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு சேமிப்புக் கணக்கை இதற்கென்று ஒதுக்கி, சம்பளம் வந்த மறுநாளே 3,500 தானாக மாறும்படி வங்கியில் சொல்லிவிடலாம். கைபேசியில் பணம் அனுப்பும்போது எந்தக் கணக்கிலிருந்து என்று செயலி கேட்கும். மொய்யும் காணிக்கையும் தர்மமும் அந்தக் கணக்கிலிருந்து மட்டும். வருஷக் கடைசியில் அந்தக் கணக்கின் பட்டியலே முழுக் கணக்காகிவிடும், ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார வேண்டியதில்லை.

தர்மத்துக்கான ஆறாயிரத்தில் பெரும்பகுதியை வருஷத் தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு இடங்களுக்கு என்று முடிவு செய்துவிட்டால் மற்ற வேண்டுகோள்களுக்குப் பதில் சொல்வது எளிது. “நாங்க ஒரு பிள்ளையோட படிப்புக்குக் கட்டிக்கிட்டு இருக்கோம்” என்பது உண்மையான பதில், யாரையும் புண்படுத்தாது. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவ உதவிச் செய்திகளுக்குத்தான் மனசு அதிகம் அலைபாயும். எனக்குத் தெரிந்து அதற்கு வழி, செய்தியில் இருக்கும் எண்ணுக்கு அனுப்பாமல், நோயாளியை நேரில் அறிந்த ஒருவர் மூலமாக மருத்துவமனையில் நோயாளி பெயரில் கட்டுவது. அப்படிப்பட்ட ஒருவர் கிடைக்கவில்லையென்றால் அனுப்பாமல் விடுவதே மேல். பழைய செய்தி சுற்றிக்கொண்டிருக்கலாம், எண் மாற்றப்பட்டிருக்கலாம். தெரிந்த குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான அத்திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை எடுத்துக்கொடுக்க ஒருநாள் கூடப் போய்வருவது நாம் அனுப்பும் ஐந்நூறைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு என்று சொல்லிக் கொஞ்சம் கூட்டிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 80ஜி சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நம் குடும்பத்தின் வருமானத்துக்குப் புதிய முறையில் வருமான வரியே வராது என்பதால், அவர்களைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

கைமாற்றாகக் கேட்டுவரும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கிலிருந்து கொடுக்கலாமா என்பது பல வீடுகளில் சண்டையாகும் கேள்வி. திடீர் தேவைக்கென்று இருக்கும் 2,000-லிருந்து கொடுக்கலாம், திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டு. அதற்கு மேல் கேட்டால் அது கடன், வேறு கணக்கு. தேதி பேசித்தான் கொடுக்க வேண்டும்.

வருஷம் முடியும் முன்பே ஒரு பகுதி தீர்ந்துவிட்டால்? கோயிலுக்கான பணம் தீர்ந்தால் கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, கற்பூரத்தோடு கும்பிட்டு வரலாம். புது மொய் தீர்ந்தால் தர்மத்திலிருந்து எடுக்காமல் திடீர் தேவையிலிருந்து எடுத்து, அடுத்த வருஷம் புது மொய்க்கு ஒதுக்குவதை அந்த அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் தொடர்ந்து ஆவணிக்குள் தீர்ந்தால் ஒதுக்கியது குறைவு என்று பொருள், கட்டுப்பாடு இல்லை என்று பொருளல்ல. மாறாகப் பணம் மிஞ்சினால் எடுத்துச் செலவழிக்காமல் அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுவது நல்லது, சொந்தத்தில் ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் வரும் வருஷம் ஒன்று கட்டாயம் வரும்.

அம்மாவின் பணத்தை மட்டும் இந்தக் கணக்குக்குள் இழுக்கக் கூடாது. மாதாமாதம் வரும் உதவித்தொகையிலிருந்து அவர் பிள்ளையார் கோயில் தட்டில் இருபது ரூபாய் வைப்பதையும், வாசலுக்கு வருகிறவருக்கு ஐம்பது கொடுப்பதையும் மகன் எழுதி வைத்துக்கொண்டிருந்தால், அவர் அடுத்த மாதத்திலிருந்து மறைத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்.